முழு மாரத்தானுக்கு முந்தின வாரம்: மூணு வேளையும் அரிசி தின்கிற நமக்கும் கார்ப் லோடிங் வேணுமா?

பாளை வாய்க்கால் கரை · டிசம்பர் 26, வியாழன், இரவு 9.40

ஜனவரி 5 ஞாயிறு சென்னையில் முழு மாரத்தான். எனக்கு இது இரண்டாவது. வயது 43, எடை 62 கிலோ, வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறேன், பெரும்பாலும் விடியற்காலையில் வாய்க்கால் கரையில். ஜெல், பவுடர் வாங்கப் போவதில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, ஏத்தம்பழம் இருக்கிறது, அதுவே போதும் என்பது என் கட்சி. இன்னும் சொன்னால், கார்ப் லோடிங், அதாவது ஓட்டத்துக்கு முந்தின நாட்களில் மாவுச்சத்தை நிறையச் சாப்பிட்டு உடம்பில் ஏற்றி வைப்பது என்பதே கோதுமை ரொட்டியும் இறைச்சியும் தின்கிற ஊர்க்காரர்களுக்கு உள்ளது, நமக்குத் தனியாக எதற்கு? 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்று போட்டிருக்கிறது. மதியம் மட்டும் 350 கிராம் சோறு சாப்பிடுகிறேன், 273 ஆச்சு. இட்லி, தோசை எல்லாம் சேர்த்தால் தானாக 600 வந்துவிடும். உடம்பு எடையில் கிலோவுக்கு நாளைக்கு 10 கிராம் என்று சொல்கிறார்களே, அது எனக்கு தினமும் கிடைக்கிறது.

ஆனாலும் போன தடவை 31-வது கிலோமீட்டரில் காலே எழும்பவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

சங்கரன்கோவில் 10கே · டிசம்பர் 26, இரவு 10.05

அண்ணாச்சி, எனக்கும் இதே சந்தேகம். பொங்கலுக்கு எங்க ஊரில் 10 கிலோமீட்டர் ஓட்டம், முந்தின மூணு நாளும் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமுமாகத் தின்று ஏற்றலாம் என்று இருக்கிறேன். எத்தனை மிட்டாய் கணக்கு?

கல்லிடை அக்கா · டிசம்பர் 27, காலை 6.15

சங்கரன்கோவில் தம்பி, உனக்கு இது வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முடிகிற ஓட்டத்துக்கு உடம்பில் சாதாரணமாக இருக்கிற சேமிப்பே தாராளம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. முந்தின நாள் ராத்திரி வயிறு நிறைய சாப்பிட்டுத் தூங்கினாலே போதும். கடலைமிட்டாயில் பாதிக்குப் பாதி கடலை, கடலை என்றால் எண்ணெய், அதை லோடிங் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

வாய்க்கால் கரை தம்பி, உங்கள் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 78 என்பது வேகாத அரிசிக்கு. அரிசி வெந்து சோறாகும்போது தண்ணீரைக் குடித்து இரண்டரை மடங்குக்கு மேல் எடை ஏறியிருக்கும், 100 கிராம் சோற்றில் 28 கிராம்தான் வரும். உங்கள் 350 கிராம் சோறு 273 இல்லை, 98. இந்தத் தப்பைப் போடாத ஆளை நான் பார்த்ததில்லை, நானும் என் முதல் ஓட்டத்துக்கு முன்னால் இதையேதான் செய்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தட்டில் விழுகிற எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதிப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

பாளை வாய்க்கால் கரை · டிசம்பர் 27, இரவு 10.20

எழுதிப் பார்த்தேன். என் முதல் பதிவில் இருக்கிற கணக்கு தப்பு, அதை அழிக்காமல் விடுகிறேன், வேறு யாராவது அதே தப்பைப் போடுவார்கள்.

காலையில் நாலு இட்லி, ஒரு இட்லி எங்கள் வீட்டுத் தட்டில் 50 கிராம், அதில் 12 கிராம் கார்ப் வரும், ஆக 48. மதியச் சோறு 98. ராத்திரி மூணு தோசை சுமார் 75. இரண்டு காப்பிக்கு சீனி 20. ஒரு நாட்டுப்பழம் 20. சாம்பார், பொரியல் எல்லாம் சேர்த்து தாராளமாக 30 போட்டேன். மொத்தம் 290 சொச்சம். கிலோவுக்கு ஐந்து கூட இல்லை! இத்தனை வருஷமாக நான் சோற்று மூட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் போன வருஷக் கதை, நேற்று அதை முழுசாகச் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு, அங்கே பிரியாணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், இதுதான் லோடிங் என்று. ஞாயிறு 12-வது கிலோமீட்டரில் வயிறு கலக்கி ஒதுங்க வேண்டியதாயிற்று. 31-ல் கால் போயிற்று. மீதி 11 கிலோமீட்டரில் நடந்ததுதான் அதிகம். 5 மணி 12 நிமிடம்.

தென்காசிச் சாரல் · டிசம்பர் 28, காலை 5.50

நான் 20 வருஷமாக ஓடுகிறேன், எனக்கு 61 வயது. சரியான முறை என்னவென்றால், ஞாயிறு ஓட்டம் என்றால் முந்தின திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் சோறு, இட்லி எதையும் தொடக்கூடாது. மீன், முட்டை, கறி மட்டும். கூடவே நல்ல ஓட்டம் ஓடி உடம்பைச் சுத்தமாகக் காலி பண்ண வேண்டும். வியாழன் முதல் சனி வரை சோறு. காய்ந்த நிலம்தான் தண்ணீரை அதிகமாக இழுக்கும். இப்படித்தான் நான் 4 மணி 5 நிமிடத்தில் முடித்திருக்கிறேன்.

கல்லிடை அக்கா · டிசம்பர் 28, காலை 7.30

சாரல் அண்ணாச்சி சொல்கிற முறை பொய்யில்லை, அது பழைய முறை. 1966-ல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்று இரண்டு பேர் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். ஒரே சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காலால் மிதித்து அந்தக் காலை மட்டும் களைக்க வைத்தார்கள். அப்புறம் மூணு நாள் கார்ப் நிறையச் சாப்பிட்டு, ஊசியால் தொடைச் சதையைத் துளி எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன், அதாவது சதை சேர்த்து வைக்கிற மாவுச்சத்து, மற்ற காலைவிட இரண்டு மடங்கு. காய்ந்த நிலம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் 1981-ல் ஷெர்மன் என்பவரின் குழு ஓட்டக்காரர்களை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பட்டினி மூணு நாளே வேண்டாம், ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு கடைசி மூணு நாள் கார்ப்பைக் கூட்டினாலே கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறுகிறது என்று தெரிந்தது. வாரம் முழுக்க ஓட்டத்தைக் குறைப்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, சதை எரிக்காமல் சேர்த்து வைக்கிறது. அந்த மூணு நாள் கார்ப் இல்லாமல் இருப்பவர்களுக்கு எரிச்சல், தூக்கமின்மை, சளி எல்லாம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டாம் ஓட்டக்காரர் அந்த வம்புக்குப் போக வேண்டாம்.

தென்காசிச் சாரல் · டிசம்பர் 28, காலை 8.10

எனக்கு எந்தச் சளியும் வந்ததில்லை. செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் மாற்றுவதாக இல்லை.

கல்லிடை அக்கா · டிசம்பர் 28, மதியம் 1.15

உங்களுக்கு 20 வருஷப் பழக்கம் அண்ணாச்சி, நீங்கள் மாற்ற வேண்டாம். நான் தம்பிக்குச் சொல்கிறேன்.

தம்பி, திங்கள் முதல் வியாழன் மதியம் வரை உங்கள் வழக்கச் சாப்பாடு, கூட்டவும் வேண்டாம், ஓட்டம் குறைகிறதே என்று குறைக்கவும் வேண்டாம். விரதம் வேண்டவே வேண்டாம். வியாழன் ராத்திரியிலிருந்து கீரை, கொத்தவரங்காய், சுண்டல், பயறு, சிறுதானியம், தோலோடு தின்கிற பழம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெள்ளி, சனி இரண்டு நாள்தான் ஏற்றுகிற நாள். புத்தகக் கணக்கு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம். உங்களுக்கு 620-க்கு மேல் வரும். தினமும் 290 சாப்பிடுகிற வயிறு திடீரென்று 620-ஐ வாங்காது. 8-லிருந்து 9-ஐப் பிடியுங்கள், 500 முதல் 550 கிராம். அது போதும் என்பது என் அபிப்பிராயம், இன்னும் வேகமாக ஓடுகிறவர்களுக்கு 10 வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

இங்கே முக்கியமான இடம் இதுதான். 290-லிருந்து 540-க்குப் போகச் சோற்றை இரட்டிப்பாக்க நினைத்தால் தோற்றுப்போவீர்கள். சோற்றோடு சாம்பார், பொரியல், தேங்காய்த் துவையல், நல்லெண்ணெய் எல்லாம் இரட்டிக்கும், நார்ச்சத்தும் எண்ணெயும் வயிற்றை அடைத்துவிடும், கார்ப் ஏறியிருக்காது. சோற்றைக் கொஞ்சம் கூட்டி, கூட்டு பொரியலை எடுத்துவிட்டு, மீதியைக் குடிக்கிற மாதிரி உள்ளே அனுப்ப வேண்டும். பானகம், கருப்பட்டித் தண்ணி, அவல்.

டவுண் ஆச்சி · டிசம்பர் 28, மாலை 4.45

ஏ கல்லிடை, பிள்ளைக்கு இடியாப்பமும் சொதியும் வைத்துக் கொடுக்கச் சொல்லேன். மாப்பிள்ளைக்கு மறுவீட்டில் வைக்கிறது அதுதானே, வயிற்றுக்கு இதமா இருக்கும். அல்வாவும் கால் கிலோ கையில் கொடுத்துவிடணும். கோதுமைப் பாலும் சீனியும்தானே, தெம்பு வரும்.

கல்லிடை அக்கா · டிசம்பர் 28, மாலை 6.00

ஆச்சி, இடியாப்பம் முதல் தரம். சொதியில் முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் மூன்றாம் பாலில் தண்ணியாக வைத்தால் நல்லது, முருங்கைக்காயும் பீன்ஸும் இல்லாமல் உருளைக்கிழங்கும் கொஞ்சம் பாசிப்பருப்பும் போட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து. அல்வாவில் கோதுமைப் பாலும் சீனியும் மட்டும் இல்லையே ஆச்சி, கையில் வழிகிற அளவு நெய் இருக்கிறது. நெய் வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும். அதை ஓட்டம் முடிந்து சாப்பிடட்டும்.

டவுண் ஆச்சி · டிசம்பர் 28, மாலை 6.20

முதல் பால் விடாத சொதி சொதியே இல்லை. சரி, ஓடுகிற பிள்ளை, அவன் பாடு.

பாளை வாய்க்கால் கரை · டிசம்பர் 29, ஞாயிறு, காலை 10.30

இன்று கடைசி நீளமான ஓட்டம், 16 கிலோமீட்டர். நேற்று ராத்திரி ஆச்சி சொன்ன சொதி, அக்கா சொன்ன மாதிரி தண்ணியாக, ஏழு இடியாப்பம். வயிறு லேசாக இருந்தது. காலையில் 3 மணிக்கு இரண்டு ஏத்தம்பழம் வேகவைத்துச் சாப்பிட்டு 5 மணிக்கு ஓடினேன். முதல் நாலு கிலோமீட்டர் பழம் நெஞ்சிலேயே நின்றது. ஓட்டத்தன்றைக்கு அது வேண்டாம் என்று முடிவு.

கல்லிடை அக்கா · டிசம்பர் 29, மதியம் 12.10

இதற்குத்தான் ஒத்திகை. ஒரு ஏத்தம்பழமாகக் குறைத்து, மீதியைக் கருப்பட்டித் தண்ணியில் கொண்டுவாருங்கள். நன்றாகக் கறுத்துக் கனிந்த பழமாக இருக்கட்டும், செங்காயாக இருந்தால் அதன் மாவு சீனியாக மாறியிருக்காது, வயிற்றில் கல் மாதிரி கிடக்கும்.

திசையன்விளை · டிசம்பர் 29, இரவு 8.55

என் வீட்டுக்காரருக்கு சர்க்கரை, ஐந்து வருஷமாக மாத்திரை. அவரும் அதே ஞாயிறு அரை மாரத்தான் ஓடுகிறார். இதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை பானகம் குடிக்கப் போகிறேன் என்கிறார். கருப்பட்டிதானே, சீனி இல்லையே, ஒன்றும் செய்யாது என்கிறார். செய்யலாமா?

கல்லிடை அக்கா · டிசம்பர் 29, இரவு 9.30

கண்டிப்பாக இங்கே படித்துவிட்டுச் செய்ய வேண்டாம். கருப்பட்டியும் பத்தில் ஒன்பது பங்கு சீனிதான், சர்க்கரை உள்ளவர் உடம்பு இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். அவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து ஓடும்போது சர்க்கரை ஒரேயடியாக இறங்கவும் செய்யலாம். மாத்திரை எழுதின டாக்டரிடம், ‘ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம் ஓடப்போகிறார், மாத்திரையை எப்போது, எவ்வளவு’ என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். ஓடும்போது குளுக்கோஸ் கையில் இருக்கட்டும், கூட ஓடுகிற ஒருத்தருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

பாளை வாய்க்கால் கரை · டிசம்பர் 31, இரவு 11.15

திட்டம் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை இப்படி:

விடிந்ததும் கருப்பட்டிக் காப்பி, கருப்பட்டி 20 கிராம், கூட ஒரு ஏத்தம்பழம். இரண்டும் 53. காலையில் ஆறு இட்லி, சட்னி இல்லாமல் சீனி தொட்டு, 87. பத்தரைக்கு அரை லிட்டர் பானகம், 50 கிராம் கருப்பட்டி, சுக்கு, ஏலம், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, 45. மதியம் 400 கிராம் சோறு, ரசம், கடைந்த மோர், உருளைக்கிழங்கு வேகவைத்து உப்பு மட்டும் போட்டு, 137. நாலு மணிக்கு 75 கிராம் அவல் நனைத்து 25 கிராம் கருப்பட்டித் தூள், 80. ராத்திரி 130 கிராம் மாவில் பிழிந்த இடியாப்பம், சீனி, தண்ணியான தேங்காய்ப்பால், 120. படுக்குமுன் ஒரு நாட்டுப்பழம், 20. கூட்டினால் 542. கிலோவுக்கு 8.7.

இடியாப்பத்தை எண்ணிக்கையில் கணக்குப் பார்க்காமல் மாவை நிறுத்துக்கொண்டேன், எங்கள் வீட்டில் பிழிகிற இடியாப்பம் ஒன்று பூரி அளவு, ஒன்று தோசை அளவு.

பிரச்சினை சனிக்கிழமைதான். வெள்ளி ராத்திரி ரயில், சனிக்கிழமை முழுக்கத் தாம்பரத்தில் மதினி வீடு. மதினி இப்போதே போன் பண்ணி, தம்பி வருகிறான், ஆட்டுக்கறி எடுத்து வைக்கிறேன் என்கிறாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள்.

சங்கரன்கோவில் 10கே · ஜனவரி 1, காலை 9.00

இட்லி, வெள்ளைச் சோறு என்று போட்டிருக்கிறீர்களே அண்ணாச்சி, குதிரைவாலி, கம்பு போட்டால் இன்னும் சத்து இல்லையா? அல்லது பழைய சோறு? எங்க தாத்தா பழையது குடித்துத்தான் நாள் முழுக்க உழுதார்.

கல்லிடை அக்கா · ஜனவரி 1, மதியம் 2.40

கம்பும் குதிரைவாலியும் மற்ற 51 வாரத்துக்கும் நல்லது. இந்த இரண்டு நாளுக்கு, எந்தக் காரணத்துக்காக அது நல்லது என்கிறோமோ அதே காரணத்துக்காக வேண்டாம். நார் அதிகம், மெதுவாகச் செரிக்கும், குடலில் மிச்சம் நிற்கும், ஞாயிறு 12-வது கிலோமீட்டரில் அது வெளியே வரப் பார்க்கும். பழையதைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆறின சோற்றில் கொஞ்சம் மாவு செரிக்காத மாதிரி இறுகிவிடும், அதனால் கணக்கில் சிறிது குறையும். ஆனால் தினமும் பழையது குடிப்பவர் வயிறு அதற்குப் பழகியிருக்கும், அவருக்குச் சூடான சோறுதான் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

வாய்க்கால் கரை தம்பி, மதினியிடம் மதியம் இரண்டு துண்டு கறி, குழம்பைத் தெளிய எடுத்து, சோறு நிறைய என்று சொல்லிவிடுங்கள். சாப்பிடாமல் இருப்பதைவிட அது பரவாயில்லை. ராத்திரிதான் முக்கியம், 7 மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ, அதற்குமேல் கறி கிட்டே வரக்கூடாது. பகல் சாப்பாடு பெரிசு, ராத்திரி சின்னது.

இன்னொன்று. எடை பாருங்கள். ஒரு கிராம் கிளைக்கோஜன் உள்ளே போனால் கூட மூணு கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். 300 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் ஒரு கிலோ 200 கிராம் எடை ஏறும், கால் கனமாக, தொடை இறுகின மாதிரி இருக்கும். பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள், ஏறியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எடை அசையவே இல்லையென்றால் நீங்கள் நினைத்த அளவு சாப்பிடவில்லை. எடை ஏறாமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது காற்று, நார்ச்சத்து எங்கேயோ ஒளிந்து வருகிறது.

பாளை வாய்க்கால் கரை · ஜனவரி 3, வெள்ளி, மாலை 5.10

காலை எடை 62.1. சாயங்காலம் வரை திட்டப்படி. பானகம் நான் நினைத்ததைவிட எளிது, பேசிக்கொண்டே குடித்து முடித்துவிட்டேன். அவல்தான் கஷ்டம், மதியச் சோறு இறங்குவதற்குள் நாலு மணி வந்துவிட்டது. பாதி அவலைப் பொட்டலம் கட்டி ரயிலுக்கு எடுத்துக்கொண்டேன். நிறைய கருப்பட்டி குடித்தால் வயிறு இளகும் என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பையில் இடியாப்பம் வாழையிலையில், சீனி தனியாக, கருப்பட்டி கால் கிலோ, ஏத்தம்பழம் ஆறு. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் வேண்டாம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன், இட்லியைச் சீனியோடு தின்பது மூணாவது நாளில் நாக்குக்கு அலுப்பாக இருக்கும் போல.

கல்லிடை அக்கா · ஜனவரி 3, இரவு 7.00

உப்பைக் குறைக்காதீர்கள், இட்லிக்கு ஊறுகாய்ச் சாறு ஒரு சொட்டு தொட்டுக்கொள்ளலாம். தண்ணீரைப் பயந்து பயந்து குடமாகக் குடிக்கவும் வேண்டாம், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தால் அதிகம்.

பாளை வாய்க்கால் கரை · ஜனவரி 4, சனி, இரவு 8.05

மதினி வீட்டுத் தராசில் காலையில் 62.9. வேறு தராசு, அதனால் நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட முடியாது. அதே தராசில் நாளை எழுந்ததும் ஏறிப் பார்க்கிறேன். மதியம் மூணு துண்டு கறி சாப்பிட்டேன், இரண்டு இல்லை. ராத்திரி ஆறு இட்லி எண்ணியிருந்தேன், நாலுக்கு மேல் இறங்கவில்லை. இன்றைக்கு மொத்தம் 490 வந்திருக்கும். கவலையாக இருக்கிறது.

கல்லிடை அக்கா · ஜனவரி 4, இரவு 8.20

490 நல்ல கணக்கு. இனி ஒன்றும் திணிக்காதீர்கள், படுங்கள்.

பாளை வாய்க்கால் கரை · ஜனவரி 6, திங்கள், காலை 11.00

ஓடிவிட்டேன். 4 மணி 38 நிமிடம்.

ஒன்றேகாலுக்கு எழுந்து தராசில் ஏறினால் 63.6. ஒன்றே முக்காலுக்கு ஒரு ஏத்தம்பழம், நாலு துண்டு பிரெட்டில் சீனி, ஒரு டம்ளர் கருப்பட்டித் தண்ணி. ராத்திரி தூங்கும்போது ஈரலில் இருக்கிற சேமிப்பு குறைந்துவிடும், அதனால் பசி இல்லாவிட்டாலும் சாப்பிடச் சொல்லி அக்கா தனியாக எழுதியிருந்தார்கள். நாலு மணிக்கு ஓட்டம். வயிறு ஒரு தொந்தரவும் தரவில்லை, கிளம்பும் முன்பே வெளியே போய்விட்டது.

ஆரம்பத்தில் தொடை இரண்டும் மாவு மூட்டை கட்டின மாதிரி கனம், ஐந்தாவது கிலோமீட்டரில் அது தெரியவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை நெல்லிக்காய் அளவு கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கித் தண்ணீர் குடித்தேன், 20 கிராம் இருக்கும். 31 வந்தது, போயிற்று. அந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுதேன். 37-ல் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, கடைசி ஐந்து கிலோமீட்டர் நொண்டிதான்.

தென்காசிச் சாரல் · ஜனவரி 6, மதியம் 12.30

நல்ல நேரம், வாழ்த்துகள். கெண்டைக்கால் பிடித்தது சேமிப்பு தீர்ந்ததால்தான். முதல் மூணு நாள் காலி பண்ணியிருந்தால் 42 வரை வந்திருக்கும். இல்லையென்றால் உப்பு.

கல்லிடை அக்கா · ஜனவரி 6, மதியம் 1.50

தம்பி, 37-ல் தலை எப்படி இருந்தது? சேமிப்பு தீர்ந்தால் ஒரு காலில் மட்டும் வராது. இரண்டு காலும் சேர்ந்து எழும்பாது, தலை மந்தமாகும், சின்னக் கணக்குக்கூடப் போட வராது, சிலருக்குச் சில்லென்று வியர்க்கும், இனிப்புத் தின்று பத்து பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் தெளியும்.

பாளை வாய்க்கால் கரை · ஜனவரி 6, மாலை 6.40

தலை தெளிவு. மீதி தூரத்துக்கு இந்த வேகத்தில் எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். போன வருஷம் 31-ல் என் சட்டை எண்ணைக் கூட ஒருத்தர் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. அப்போதும் இப்போதும் ஒன்று இல்லை.

கல்லிடை அக்கா · ஜனவரி 6, இரவு 9.10

அப்படியென்றால் சாப்பாட்டின் மேல் நான் பழி போட மாட்டேன். சதை களைத்ததாக இருக்கலாம், கடைசி ஒரு மணி நேரம் புழுக்கம் வேறு. 16, 20 ஓடின கால் 37-ல் பிடிப்பது அதிசயமில்லை. நீளமான ஓட்டம் எத்தனை ஓடினீர்கள்?

பாளை வாய்க்கால் கரை · ஜனவரி 6, இரவு 9.25

30 ஒன்று, 28 ஒன்று. அவ்வளவுதான்.

தென்காசிச் சாரல் · ஜனவரி 7, காலை 5.40

உப்பு என்றுதான் இன்னும் சொல்வேன்.

திசையன்விளை · ஜனவரி 7, காலை 8.15

டாக்டர் சனிக்கிழமை ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கி, காலை மாத்திரையை ஓடி முடித்துச் சாப்பிடச் சொன்னார். அவருக்கு மட்டும் சொன்னது, வேறு யாரும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பானகம் கிடையாது என்றுவிட்டார். நன்றாக முடித்தார்.

டவுண் ஆச்சி · ஜனவரி 7, காலை 10.00

அல்வா வாங்கினானா அந்தப் பிள்ளை?

பாளை வாய்க்கால் கரை · ஜனவரி 7, இரவு 9.50

ரயிலை விட்டு இறங்கினதும் கால் கிலோ வாங்கினேன் ஆச்சி, கடை வாசலிலேயே இலையில் வைத்து 100 கிராம் முடிந்தது. இன்று காலை எடை 62.4. ஏறின தண்ணீரெல்லாம் போயிற்று.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பிப்ரவரியில் முதல் முழு மாரத்தான் ஓடுகிறாள், எடை 54. என் தாளை எடுத்துக் கொடுத்தேன். 8.7-ஆல் பெருக்கினால் 470. வேகவைத்த ஏத்தம்பழம் அவளுக்கு ஒத்துக்கொள்ளும், அவலைப் பார்த்தாலே குமட்டுமாம். 80 கிராம் கார்ப்புக்கு அவலுக்குப் பதில் என்ன போடலாம் அக்கா? மரச்சீனிக்கிழங்கு என்றால் நார் அதிகமா?

கல்லிடை அக்கா · ஜனவரி 8, காலை 6.30

நடு நரம்பை உரித்து எடுத்துவிட்டு, நன்றாகக் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வேகாத கிழங்காக 150 கிராம் எடுத்தால் 55-க்குமேல் வந்துவிடும், மீதிக்குக் கருப்பட்டி தொட்டுக்கொள்ளட்டும். அடுத்த நீள ஓட்டத்துக்கு முந்தின நாள் ஒரு தடவை தின்று பார்க்கச் சொல்லுங்கள்.